மூன்றில் ஒரு பங்கில் எது மிஞ்ச வேண்டும்?

(திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டியில் போட்டித் தேர்வு எழுதுவோரிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சுருக்கி வரைதல் என்ற ஒரே ஒரு வினாவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒரு பத்தியைக் கொடுத்து, அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதச் சொல்கிறார்கள். பெரும்பாலோர் இதை எப்படிச் செய்கிறார்கள்? பென்சிலை எடுத்துக்கொண்டு முக்கியமாகத் தோன்றும் வரிகளுக்கு அடிக்கோடு இடுகிறார்கள். அடிக்கோடு விழுந்தவற்றைச் சற்றுக் குறுக்கி, வரிசையாகப் பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். இந்த முறை தவறு என்பதே என் வாதம். ஒரு பத்தியில் இருக்கும் செய்திகள் ஒரு பக்கம். அந்தச் செய்திகளை ஒன்றோடொன்று கட்டும் காரண காரிய உறவு இன்னொரு பக்கம். இடம் குறையும்போது முதலில் விடவேண்டியவை செய்திகள். கடைசிவரை விடக்கூடாதது உறவு. மூன்றில் ஒரு பங்கு என்ற அளவே இதைச் சோதிக்கத்தான் பொருத்தமாக இருக்கிறது என்றும் காட்ட முயல்கிறேன்.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் இந்திய மொழித் தாள் ஒன்று உண்டு. மொத்தம் 300 மதிப்பெண். அதில் 25 விழுக்காடு எடுத்தால்தான் மற்றத் தாள்களைத் திருத்தவே எடுத்துக்கொள்வார்கள். அந்த 300-இல் 60 மதிப்பெண் சுருக்கி எழுதுவதற்கு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும், தலைப்பு இடக்கூடாது, சொந்த நடையில் எழுத வேண்டும் என்பவை அங்கே உள்ள நிபந்தனைகள். நம் மாநிலத் தேர்வாணையமும் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கிய பிறகு, 2022-ஆம் ஆண்டின் தொகுதி 2 முதன்மைத் தேர்வுக்கான பாடத்திட்டத்தில் மொழிபெயர்ப்பு, பொருள் உணர்திறன் ஆகியவற்றோடு சுருக்கி வரைதலையும் வைத்தது. பள்ளி வினாத்தாளில் தலைப்பு இடச் சொல்வார்கள், குடிமைப் பணித் தேர்வில் வேண்டாம் என்பார்கள். ஆகவே தலைப்பைப் பொறுத்தவரை வினாவின் அடியில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மற்ற மரபுகள் எங்கும் ஒன்றுதான். ஒரே பத்தியாக எழுத வேண்டும். நம் கருத்தைச் சேர்க்கக் கூடாது. எடுத்துக்காட்டு, உவமை, மேற்கோள், திரும்பச் சொல்லல் ஆகியவை போய்விட வேண்டும். மூலத்தின் கருத்து வரிசை குலையக் கூடாது. முடிவில் சொற்களின் எண்ணிக்கையைக் குறிப்பது வழக்கம்.

வெறும் விதிகளாகச் சொல்லிக்கொண்டு போனால் பயன் இல்லை; ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். தை மாதத்தில் கோயில் திருவிழாவில் வாழைப்பழம் சூறைவிடும் ஊரில் நின்று பேசுகிறேன். அதனால் வாழையைப் பற்றியே, இந்தச் சொற்பொழிவுக்கென்று ஒரு பத்தி எழுதி வந்திருக்கிறேன். தேர்வில் வரும் பத்தி இதைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கும். ஆனால் வேலை ஒன்றுதான். பத்தியில் 120 சொற்கள், 12 வாக்கியங்கள்.

“சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் விளையும் மலைவாழைக்கு மணமும் சுவையும் தனி, பழனிப் பஞ்சாமிர்தத்திலும் இந்தப் பழம் சேர்கிறது. இத்தகைய பெருமை கொண்ட வாழையை முடிக்கொத்து நோய் பல ஆண்டுகளாக அழித்துவருகிறது. நோய் கண்ட இளமரத்தின் இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும், மரம் குலை தள்ளாது. நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி என்பதால் பூச்சியைக் கொன்றால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அசுவினி பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கே நோயைக் கொண்டுசெல்லும். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு அதைக் கொண்டுபோவது விவசாயி வாங்கி நடும் பக்கக்கன்றுதான். நோயுற்ற தாய்மரத்தின் கன்று, பார்வைக்கு நலமாக இருந்தாலும், நச்சுயிரியைச் சுமந்தே வருகிறது. எனவே நோயற்ற திசுவளர்ப்புக் கன்றுகளை நடுவதே முதல் தீர்வு. எனினும் அதுவும் தனியே போதாது. ஒருவர் நல்ல கன்றை நட்டிருக்க, அடுத்தவர் நோயுற்ற மரங்களை வெட்டாமல் விட்டுவைத்தால், அசுவினி அங்கிருந்து புதிய கன்றுக்கும் நோயைக் கொண்டுவரும். கைவிடப்பட்ட தோட்டங்கள் இவ்வகையில் நோயின் கிடங்குகளாக இருக்கின்றன. ஆகவே ஒரு பகுதியின் விவசாயிகள் எல்லோரும் ஒரே பருவத்தில் நோயுற்ற மரங்களை வேரோடு அகற்றிவிட்டு நல்ல கன்றுகளை நட்டால்தான் மலைவாழை மீண்டும் பிழைக்கும்.”

இதை 40 சொற்களில் சுருக்க வேண்டும். அடிக்கோடு இட்டுப் பெயர்த்து எழுதும் முறையில் செய்தால் விடை ஏறக்குறைய இப்படி அமையும்:

“சிறுமலை, கீழ்ப்பழனி மலைகளில் விளையும் மலைவாழை மணமும் சுவையும் உடையது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்வது. அதை முடிக்கொத்து நோய் அழிக்கிறது. இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. நோயை அசுவினி பரப்புகிறது. பக்கக்கன்றும் பரப்புகிறது. திசுவளர்ப்புக் கன்றுகளை நட வேண்டும். நோயுற்ற மரங்களை வெட்ட வேண்டும். விவசாயிகள் எல்லோரும் நல்ல கன்றுகளை நட வேண்டும்.”

எண்ணிப் பாருங்கள், சரியாக 40 சொற்கள். பிழையான செய்தி ஒன்றுகூட இல்லை. மூலத்தில் இல்லாதது எதுவும் சேரவில்லை. வாக்கியங்களிலும் குறையில்லை. இருந்தும் இது நல்ல விடை ஆகாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் வாதம் முழுவதும் இந்த விடையின் குறையில்தான் அடங்கியிருக்கிறது. முதல் மூன்று வாக்கியங்கள் மூலத்தில் 34 சொற்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த விடையிலோ அவற்றுக்கே 21 சொற்கள், அதாவது பாதிக்கு மேல், செலவாகிவிட்டன. மூலம் எங்கே வாதத்தைத் தொடங்குகிறதோ அங்கே இவரிடம் இடம் தீர்ந்துபோகிறது; கடைசி மூன்று வாக்கியங்களும் ‘வேண்டும், வேண்டும்’ என்று கட்டளைகளாக முடிகின்றன. ஏன் நட வேண்டும், பூச்சியைக் கொன்றால் ஏன் போதாது, ஒருவர் மட்டும் நட்டால் என்ன ஆகும் என்ற எதற்கும் விடையில்லை. பவணந்தியார் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். அவற்றில் ஒன்று சென்று தேய்ந்திறுதல். தொடக்கத்தில் நிறைவாகச் சென்று, போகப் போகத் தேய்ந்து முடிவது. சுருக்கி வரைதலில் மிகுதியாகக் காணும் குற்றம் இதுதான்; இதைக் கண்டுபிடிக்கப் பத்தியைப் படிக்கவே வேண்டியதில்லை. மூலத்தின் பாதி எங்கே வருகிறது, விடையின் பாதி எங்கே வருகிறது என்று இரண்டிலும் ஒரு புள்ளி வைத்தால் போதும். இரண்டு புள்ளிகளும் வாதத்தின் ஒரே கட்டத்தில் விழாமல் வெகுதூரம் விலகினால், அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். முன்னுரையை விட்டதால் விலகியது என்றால் சரி. முன்னுரையில் தங்கிவிட்டதால் விலகியது என்றால் திரும்ப எழுத வேண்டும்.

அந்த விடையில் இன்னொரு குறையும் உண்டு. அது இதைவிட ஆழமானது. மூலத்தில் ஆனால், எனவே, எனினும், ஆகவே என்ற நான்கு சொற்கள் வருகின்றன. விடையில் நான்கில் ஒன்றும் இல்லை, அவற்றின் பொருளைத் தரும் வேறு அமைப்பும் இல்லை. அதனால் ‘அசுவினி பரப்புகிறது, பக்கக்கன்றும் பரப்புகிறது’ என்று இரண்டும் சமமாக நிற்கின்றன. மூலம் அவற்றைச் சமமாக வைக்கவில்லை; ஒன்று அருகில் பரப்புவது, மற்றொன்று தொலைவுக்குக் கொண்டுபோவது. பூச்சியை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார் என்பதே அங்கே சொல்லப்படுவது. செய்திகள் எல்லாம் சரியாக இருந்தும் பொருள் மாறிப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சரியான வழி வாசிப்பில் தொடங்குகிறது. முதல் வாசிப்பு, பத்தி எங்கே போய் முடிகிறது என்று தெரிந்துகொள்வதற்கு. இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு சொல் எழுதிக்கொள்ள வேண்டும். என்ன சொல்கிறது என்று எழுதாதீர்கள். என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். நம் பத்தியில் முதல் வாக்கியம் பின்னணி. இரண்டாவது, பேசுபொருளை நிறுத்துகிறது. மூன்றாவது வருணனை. நான்காவது பிறர் கொள்கை. ஆசிரியர் மறுப்பதற்காகக் கொண்டுவந்தது. ஐந்தும் ஆறும் மறுப்பு. ஏழாவது அந்த மறுப்புக்குச் சான்று. எட்டாவது முதல் முடிவு. ஒன்பதாவது திருப்பம். பத்தாவது திருப்பத்துக்குக் காரணம். பதினொன்றாவது, பத்தாவதையே வேறு சொல்லில் சொல்கிறது. பன்னிரண்டாவது இறுதி முடிவு. இப்படிக் குறித்த பிறகு எதை விடுவது என்ற கேள்வி பெரும்பாலும் தானே தீர்ந்துவிடுகிறது. பின்னணி, வருணனை, திரும்பச் சொல்லல் மூன்றும் போகும். சான்று, அது தாங்கும் மறுப்புக்குள் ஒரு சொல்லாக அடங்கும். பிறர் கொள்கை மறுப்போடு சேர்ந்து ஒரு தொடராகும். மிஞ்சுபவை மறுப்பு, முதல் முடிவு, திருப்பமும் அதன் காரணமும், இறுதி முடிவு. இவற்றை மூலத்தை மூடிவைத்துவிட்டு நாமே சொல்லிப் பார்க்க வேண்டும்; பார்த்து எழுதினால் மூலத்தின் வாக்கியங்களே கையில் ஒட்டிக்கொள்ளும். எழுதிய பிறகு திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அப்படி எழுதினால் கிடைப்பது இது:

“மலைவாழையை அழிக்கும் முடிக்கொத்து நோய் அசுவினியால் அருகிலும், நோயுற்ற பக்கக்கன்றால் தொலைவிலும் பரவுகிறது. எனவே பூச்சியொழிப்பு மட்டும் போதாது. தூய திசுவளர்ப்புக் கன்றுகள் தேவை. ஆனால் அண்டைத் தோட்டத்து நோயுற்ற மரங்களிலிருந்து அவற்றுக்கும் நோய் தொற்றுமாதலால், வட்டார விவசாயிகள் அனைவரும் ஒரே சமயத்தில் பழைய நோய்மரங்களை வேரோடு அகற்றி நல்ல கன்றுகளை நட்டாலொழிய மலைவாழை மீளாது.”

இதுவும் 40 சொற்கள்தான். முந்தைய விடையில் 21 சொற்களைத் தின்ற முதல் மூன்று வாக்கியங்கள் இங்கே ‘மலைவாழையை அழிக்கும் முடிக்கொத்து நோய்’ என்ற நான்கே சொற்களாகிவிட்டன. மூலத்தின் நான்கு உறவுகளும் இருக்கின்றன, அதே சொற்களில் இல்லாவிட்டாலும். அருகிலும் தொலைவிலும் என்ற எதிர்நிலையில் முதல் உறவு இருக்கிறது. எனவே, ஆனால் என்ற இரண்டும் வெளிப்படையாகவே நிற்கின்றன. நான்காவது உறவு ‘தொற்றுமாதலால்... நட்டாலொழிய’ என்ற அமைப்புக்குள் போய்விட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். பூச்சியை ஒழிப்பது மட்டும் போதாது என்று மூலம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பலர் அப்படி எண்ணுகிறார்கள் என்று சொல்லி, ‘ஆனால்’ போட்டு மறுத்து, முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறது. நீண்ட பத்தியில் அது முடியும். சுருக்கத்தில் அந்த மறைமுகத்துக்கு இடமில்லை. உள்ளே இருக்கும் முடிவை நாம் வெளியே எடுத்து எழுதியாக வேண்டும். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கிறோம் என்று இதற்கு அஞ்சத் தேவையில்லை. மூலம் எதைக் குறிப்பாக உணர்த்துகிறதோ அது மூலத்தில் இருப்பதுதான்.

மூன்றில் ஒரு பங்கு என்பது யாரோ மனம்போன போக்கில் வைத்த அளவுதானே, நான்கில் ஒரு பங்காகவோ பாதியாகவோ இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே பத்தியில் சோதித்துப் பார்ப்போம். பாதியாக, அதாவது 60 சொற்களாகச் சுருக்கச் சொன்னால், முதலில் காட்டிய விடையில் விட்டுப்போன காரணங்களையெல்லாம் சேர்த்துவிட்டு, பஞ்சாமிர்தத்தையும் இலைக் கொத்தையும்கூட வைத்துக்கொள்ளலாம். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே வராது. கிடைக்கும் இடத்தில் எல்லாம் அடங்கிவிடும். மாறாக, பத்தில் ஒரு பங்காக, 12 சொற்களில் எழுதச் சொன்னால் இப்படி வரும்: “மலைவாழையை மீட்க வட்டார விவசாயிகள் ஒரே சமயத்தில் நோய்மரங்களை அகற்றித் தூய கன்றுகளை நட வேண்டும்.” முடிவு இருக்கிறது, காரணம் போய்விட்டது. கடைசி வாக்கியத்தை மட்டும் படித்தவரும் இதை எழுதிவிடலாம். ஆக, பாதி என்பது வாசிப்பைச் சோதிக்காது. பத்தில் ஒன்று என்பதும் சோதிக்காது. காரணத்தையும் முடிவையும் வைத்துக்கொள்ளப் போதுமான இடம் இருந்து, விவரங்களையும் வைத்துக்கொள்ள இடமில்லாத அளவு எதுவோ அதுதான் சோதிக்கும். வாதம் செய்யும் பத்திகளில் அது மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் அமைகிறது. தசமத் துல்லியம் இதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வினாவே ஏறத்தாழ என்கிறது. அலுவலகக் கோப்பில் இருந்துதான் இந்தப் பயிற்சி தேர்வுக்கு வந்தது. நீண்ட கடிதப் போக்குவரத்தைப் படிக்க நேரமில்லாத மேலதிகாரி, கீழே இருப்பவர் எழுதித் தரும் சுருக்கத்தை வைத்து முடிவெடுப்பார். முடிவெடுப்பவருக்குப் பிறர் எடுத்த முடிவு மட்டும் தெரிந்தால் போதாது. எந்தக் காரணத்தால் அந்த முடிவு என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. ஒரு விவசாயிக்கு மிகவும் பயன்படும் செய்தி நோயின் அடையாளம்தானே, இலை குறுகிக் கொத்தாக நிற்பதை விட்டுவிட்டால் பத்தியின் பயனே போய்விடாதா என்பது அது. தோட்டத்தில் நிற்பவருக்கு அந்தச் செய்தி உயிர்ச் செய்திதான், ஐயமில்லை. ஆனால் சுருக்கி வரைபவர் தமக்கு எது பயன் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அவர் எழுதுவது மூலத்தின் சுருக்கமாக இருக்காது, தம் குறிப்பாக இருக்கும். இந்தப் பத்தியின் ஆசிரியர் நோயை அடையாளம் காணக் கற்றுத்தரவில்லை. நோய் எப்படி ஊர் தாண்டுகிறது, எனவே யார் என்ன செய்ய வேண்டும் என்று வாதிடுகிறார். அந்த மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பத்தியைப் படித்துப் பாருங்கள், வாதம் குலையாது. ஏழாவது வாக்கியத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள்; பக்கக்கன்று ஏன் ஆபத்து என்பதற்குப் பிடிமானம் போய்விடும். ஒரு வாக்கியம் இருக்க வேண்டுமா என்பதற்கு இந்த நீக்கிப் பார்க்கும் சோதனையே போதும். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளில் தொகுத்தலை ஒன்றாகச் சொல்கிறது. தொகுப்பவர் முதல்நூலின் வழி நிற்பவர் என்ற கட்டு அதில் இருக்கிறது. நாமும் அந்தக் கட்டுக்குள் நின்றுதான் சுருக்குகிறோம்.

சொந்த நடை என்ற நிபந்தனை பலருக்குக் குழப்பம் தருகிறது. சிலர் எல்லாச் சொல்லையும் மாற்றியாக வேண்டும் என்று எண்ணி, அசுவினியைச் சிறுபூச்சி என்றும் திசுவளர்ப்புக் கன்றை ஆய்வகச் செடி என்றும் எழுதிவிடுகிறார்கள். துறைச் சொல்லை மாற்றக் கூடாது. மாற்றினால் பொருள் தளர்ந்துவிடும். மாற வேண்டியது வாக்கிய அமைப்பு. மூலத்தின் மூன்று வாக்கியங்கள் நம்மிடம் ஒரு வாக்கியமாகிறபோது சொந்த நடை தானாக வந்துவிடுகிறது. ஆனால் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறேன். மூலத்தில் நோயுற்ற மரம், நோயற்ற கன்று என்ற இரண்டும் வருகின்றன. வேறுபாடு ஓர் உகரம்தான். தேர்வறையின் அவசரத்தில் யகரத்தின் உகரக் குறி ஒரு சொல்லில் விட்டுப்போனாலோ, தேவையில்லாத இடத்தில் விழுந்தாலோ, நோயற்ற மரத்தை அகற்றவோ நோயுற்ற கன்றை நடவோ சொன்னதாகிவிடும். திருத்துபவர் அதைக் கைப்பிழை என்று கருத வேண்டிய கடமை இல்லை. அதனால் நோயற்ற என்பதைத் தூய என்று எழுதினேன். இடம் நெருங்கும்போது எதிர்ப்பொருள் தரும் இணைச் சொற்களில் ஒன்றை வேறாக்கிவிடுவது பாதுகாப்பு.

காலமும் இடமும் பற்றியும் ஒரு மரபு பேசப்படுகிறது. எல்லாவற்றையும் இறந்தகாலத்தில், படர்க்கையில் எழுத வேண்டும் என்பார்கள். படர்க்கை சரி. மூலத்தில் நான், நாம் என்று வந்தால் ஆசிரியர், மக்கள் என்று மாற்றுவதும், நேர்கூற்று வந்தால் அயற்கூற்றாக்குவதும் தேவை. ஆனால் இறந்தகாலம் ஆங்கிலத் தேர்வு நூல்களில் இருந்து வந்த பழக்கம். தமிழில் எங்கும் பொருந்தாது. நோய் கன்றின் வழி பரவுகிறது என்பது இன்றும் உண்மை. பரவியது என்று எழுதினால் ஏதோ ஒருமுறை நடந்த நிகழ்ச்சி ஆகிவிடும். நிகழ்ந்து முடிந்ததை இறந்தகாலத்திலும், எக்காலத்துக்கும் பொதுவானதை நிகழ்காலத்திலும் எழுதுவதே தமிழின் இயல்பு.

சொல்லை எண்ணுவது தமிழில் தனிச் சிக்கல். கொண்டு செல்லும் என்று பிரித்து எழுதினால் இரண்டு, கொண்டுசெல்லும் என்று சேர்த்தால் ஒன்று. வினைத்திரிபையும் துணைவினையையும் ஒட்டி ஒட்டி எழுதி, 46 சொல்லை 40 ஆக்கிவிட முடியும். இப்படிச் செய்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்; தாளில் அடைத்துக்கொண்டு நிற்கும் எழுத்துகளைப் பார்த்தவுடன் திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். நான் பின்பற்றும் விதி எளியது: மூலம் எதைச் சேர்த்து எழுதியிருக்கிறதோ அதை நாமும் சேர்த்து எழுதலாம், மூலம் பிரித்ததைப் பிரித்தே எழுத வேண்டும். ‘ஒரே சமயத்தில்’ என்பதை நான் இரண்டாகவே வைத்தேன், மூலம் ‘ஒரே பருவத்தில்’ என்று பிரித்திருப்பதால். உண்மையான சிக்கனம் எச்சங்களிலும் தொகைகளிலும் இருக்கிறது. ‘நோய் அழித்துவருகிறது’ என்ற வாக்கியம் ‘அழிக்கும் நோய்’ என்ற பெயரெச்சத் தொடராகிறது. ‘அகற்றிவிட்டு நட்டால்தான் பிழைக்கும்’ என்பது ‘அகற்றி நட்டாலொழிய மீளாது’ என்று சுருங்குகிறது. எச்சத்தை எச்சத்தின்மேல் அடுக்கிக்கொண்டே போனால் எழுவாய் எது என்று தெரியாமல் போகும் என்ற எச்சரிக்கையும் இதனோடு சேர்ந்தது. என் விடையின் நான்காவது வாக்கியம் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. அதற்கு மேல் நீட்ட நான் துணியமாட்டேன். நீண்ட பத்தியில் ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நடுவில் உள்ள மூன்று வரிகளை எண்ணிச் சராசரி எடுத்து, வரிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மூலத்தின் அளவு கிடைத்துவிடும். விடையை மட்டும் முழுதாக எண்ணுங்கள்.

இதுவரை சொன்னது வாதம் செய்யும் பத்திக்கு. எல்லாப் பத்தியும் வாதம் செய்வதில்லை. ஓர் அணையின் வரலாற்றையோ ஒரு கைத்தொழிலின் படிநிலைகளையோ விவரிக்கும் பத்தியில் காரண உறவு மெல்லியதாகத்தான் இருக்கும். அங்கே உறவைத் தேடி இல்லாத ‘எனவே’யைப் போட்டால் அதுவே பிழை. அத்தகைய பத்தியில் வாக்கியங்களைக் கட்டுவது கால வரிசையோ வகைப்பாடோதான். அந்த வரிசையைக் காத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூலம் தந்த இடத்தின் விகிதத்திலேயே இடம் தருவது முறை. முதல் கட்டத்தை விரித்து மற்றவற்றை அடுக்கினால் அங்கும் அதே தேய்ந்திறுதல் வந்துவிடும்.

முதல் வரைவு எழுதி எண்ணிப் பார்க்கும்போது பெரும்பாலும் ஐந்தாறு சொல் கூடுதலாகத்தான் இருக்கும். அப்போது எதை வெட்டுவது என்ற முடிவில்தான் பலர் அதுவரை செய்த நல்ல வேலையைக் கெடுத்துவிடுகிறார்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் தனியாக நிற்கும் ‘எனவே’, ‘ஆனால்’ கண்ணில் முதலில் படும்; எடுத்தாலும் இலக்கணம் குலையாது என்பதால் கை அங்கேதான் போகும். அங்கே கை வைக்காதீர்கள். என் விடையிலேயே இன்னும் நான்கு சொல் வெட்ட வேண்டுமென்றால் வேறு இடங்கள் இருக்கின்றன. நோய்மரம் என்றாலே பழையதுதான் என்பதால் ‘பழைய’ போகலாம். கன்று எது என்பது முன்வாக்கியத்திலேயே தெளிவாகிவிட்டதால் ‘நல்ல’ போகலாம். ‘அனைவரும்’, ‘ஒரே சமயத்தில்’ இரண்டும் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று போனாலும் முடிவு மாறிவிடும். ‘வேரோடு’ போனால் முறையின் ஒரு விவரம் போகுமே தவிர, காரணம் போகாது. தயங்கித்தான் வெட்டுவேன், ஆனால் வெட்டுவேன். நான்காவதாகப் போகக்கூடியது முதல் வாக்கியத்தின் ‘நோயுற்ற’. பக்கக்கன்றால் நோய் பரவுகிறது என்றாலே அந்தக் கன்று நோயைச் சுமக்கிறது என்பது அடங்கிவிடுகிறது. இந்த நான்கும் போனபின் 36 சொற்கள் மிஞ்சும். அப்போதும் பூச்சியைக் கொன்றால் ஏன் போதாது, தனி ஒருவர் நட்டால் ஏன் போதாது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த 36 சொற்களில் விடை இருக்கும்.